வெள்ளிக்கிழமை மெட்ரிக் கணக்கு முதல் தாள், கையில் 14 மணி நேரம்: எதை எடுப்பது, எதை விடுவது?

சாட்ஸ்வர்த்_அம்மா (சனி, காலை 9.10)

எல்லாருக்கும் வணக்கம். என் மகள் இந்த வருஷம் இங்கே தென்னாப்பிரிக்காவில் மெட்ரிக், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு இறுதித் தேர்வு எழுதுகிறாள். வரும் வெள்ளிக்கிழமை கணக்கு முதல் தாள், திங்கட்கிழமை இரண்டாம் தாள். முதல் தாளுக்கு முன்னால் செவ்வாயன்று வேறொரு பாடமும் இருக்கிறது. அதைக் கழித்துப் பார்த்தால் முதல் தாளுக்கு மொத்தம் 14 மணி நேரம்தான் தேறுகிறது. சனி, ஞாயிறு, புதன் மூன்று நாளும் மூன்று மூன்று மணி, திங்கள் ஒரு மணி, செவ்வாய் சாயங்காலமும் வியாழனும் இரண்டிரண்டு மணி.

ட்ரையல்ஸ் என்ற பள்ளி முன்தேர்வில் முதல் தாளில் 150-க்கு 64 வாங்கினாள். பகுதிவாரியாகக் கூட்டிப் பார்த்தேன். அல்ஜீப்ரா 25-க்கு 15. சீக்வன்ஸ் 25-க்கு 11. பங்ஷன்ஸ் 35-க்கு 14. ஃபைனான்ஸ் 15-க்கு 4. கால்குலஸ் 35-க்கு 17. புராபபிலிட்டி 15-க்கு 3.

கணக்கில் மொத்தம் 60 சதவீதம் வந்தால்தான் அவள் கேட்ட படிப்புக்கு இடம். நேற்றிலிருந்து புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து புரட்டிக்கொண்டிருக்கிறாள். அது சரியில்லை என்று எனக்கே தெரிகிறது, ஆனால் எங்கே ஆரம்பிக்கச் சொல்வது என்று தெரியவில்லை.

டோங்காட்_அண்ணன் (சனி, காலை 9.48)

அக்கா, இதில் யோசிக்க ஒன்றுமில்லை. எதில் மோசமோ அதில் ஆரம்பிக்கணும். புராபபிலிட்டியில் 20 சதவீதம், ஃபைனான்ஸில் 27. இரண்டும் சின்னப் பகுதி, இரண்டு நாளில் முடித்துவிடலாம். 7-ஐ 25 ஆக்கினால் 18 மதிப்பெண் கூடுது. அல்ஜீப்ராவில் 60 சதவீதம் வாங்கிட்டாள், அதைத் தொடவே வேண்டாம். என் பையனுக்குப் போன வருஷம் இப்படித்தான் செய்தோம்.

மாரிட்ஸ்பர்க்_ஆயா (சனி, காலை 10.30)

இவ்வளவு கஷ்டப்படுவதற்குப் பதிலாக மேத்ஸ் லிட்டரசிக்கு மாறிவிடலாமே? என் பேத்தி அதில் 70-க்கு மேல் வாங்கினாள்.

சாட்ஸ்வர்த்_அம்மா (சனி, காலை 10.41)

ஆயா, தேர்வே தொடங்கிவிட்டது, இனி மாற முடியாது. அவள் கேட்ட படிப்புக்கு மேத்ஸ் லிட்டரசியை எடுத்துக்கொள்வதும் இல்லை.

வெருலம்_வாத்தியார் (சனி, மதியம் 12.15)

இருபது வருஷத்துக்கு மேல் பன்னிரண்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். முதலில் இலக்கைச் சரிசெய்துகொள்வோம். 60 சதவீதம் என்றதும் முதல் தாளில் 90 வேண்டும் என்று நினைத்திருப்பீர்கள். இறுதி மதிப்பெண்ணில் பள்ளியின் எஸ்.பி.ஏ., அதாவது வருஷம் முழுக்கப் பள்ளியில் வாங்கிய மதிப்பெண், 25 சதவீதம், நவம்பர் தேர்வு 75 சதவீதம். இரண்டு தாளும் சேர்த்து 300. அவளுடைய எஸ்.பி.ஏ. எவ்வளவு, ட்ரையல்ஸில் இரண்டாம் தாள் எவ்வளவு என்று சொல்லுங்கள்.

டோங்காட் தம்பி சொன்னதில் ஒரு பாதி சரி. சின்னப் பகுதியைச் சீக்கிரம் முடிக்கலாம் என்பது உண்மை. ஆனால் 3 வாங்கிய பகுதியில் மிச்சம் 12-ம் கைக்கு எட்டும் என்று எடுத்துக்கொண்டது தப்பு. புராபபிலிட்டியில் எண்ணிக்கைக் கணக்குகள், அதாவது எத்தனை விதமாக அடுக்கலாம் என்று கேட்பவை, ஆறு நாளில் பழகுபவை அல்ல. ஒரு பகுதியில் எவ்வளவு போச்சு என்று பார்ப்பதோடு நிற்கக் கூடாது. போனதில் எவ்வளவு இந்த 14 மணிக்குள் திரும்பி வரும் என்று பார்க்கணும்.

அதைக் கண்டுபிடிக்க ட்ரையல்ஸ் விடைத்தாளையும், மெமோ என்ற விடைக்குறிப்பையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, போன 86 மதிப்பெண்ணையும் ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று குவியல்தான். தெரிந்தும் கைதவறியது ஒன்று. ஒரு காலத்தில் தெரிந்து இப்போது முறை மறந்தது இன்னொன்று. எப்போதுமே புரியாதது மூன்றாவது. ஒன்றரை மணி நேரம் ஆகும். அதை 14-இல் சேர்க்காதீர்கள், இன்றைக்கு ராத்திரியே முடியட்டும்.

ஒரு எச்சரிக்கை. மெமோவைப் படித்ததும் "ஓ, இது தெரியுமே" என்று தோன்றும். அப்படித் தோன்றுவதையெல்லாம் முதல் குவியலில் போட்டுவிடுவார்கள். மெமோவை மூடிவிட்டு வெறும் தாளில் அதே வரியைப் போட முடிந்தால்தான் அது கைதவறல்.

சாட்ஸ்வர்த்_அம்மா (சனி, இரவு 10.20)

சார், எஸ்.பி.ஏ. 68 சதவீதம். இரண்டாம் தாள் 150-க்கு 88.

குவியல் பிரித்துவிட்டோம். நீங்கள் சொன்ன மாதிரி மூடிவைத்துப் போடச் சொன்னதும் முதல் குவியல் பாதியாகக் குறைந்தது, அவளுக்கு முகம் வாடிவிட்டது.

பங்ஷன்ஸில் போன 21-இல் கைதவறல் 4, மறந்தது 8, புரியாதது 9. கால்குலஸ் 18-இல் 3, 9, 6. சீக்வன்ஸ் 14-இல் 2, 7, 5. புராபபிலிட்டி 12-இல் கைதவறல் இல்லை, மறந்தது 4, புரியாதது 8. ஃபைனான்ஸ் 11-இல் 1, 6, 4. அல்ஜீப்ரா 10-இல் 6, 2, 2.

டோங்காட்_அண்ணன் (சனி, இரவு 10.52)

அப்போ பங்ஷன்ஸும் கால்குலஸும்தான் முன்னாடி நிக்குது, இரண்டிலும் 12, 12. புராபபிலிட்டியில் 4-தான். நான் சொன்னது தப்புதான், ஒத்துக்கிறேன். ஆனா அல்ஜீப்ரா இப்பவும் பின்னாடிதானே நிக்குது, 8-தானே?

வெருலம்_வாத்தியார் (ஞாயிறு, காலை 7.05)

இலக்குக் கணக்கு முதலில். எஸ்.பி.ஏ. 68 என்றால் 25-இல் 17 கையில் இருக்கிறது. 60-க்கு இன்னும் 43 வேண்டும், அது 75-இல் 43. 300-க்கு மாற்றினால் 172. ட்ரையல்ஸில் 64-ம் 88-ம் சேர்த்து 152. ஆக இரண்டு தாளிலும் சேர்த்து 20 கூடினால் போதும். ஆனால் எஸ்.பி.ஏ. மதிப்பெண் பின்னால் புள்ளிவிவர முறையில் சரிசெய்யப்படும், அதனால் விளிம்பில் நிற்கக் கூடாது. முதல் தாளில் மட்டும் 20-லிருந்து 26 வரை கூட்டப் பாருங்கள். முதல் இரண்டு குவியலும் சேர்த்து 52 இருக்கிறது. அதில் பாதி வந்தால் போதும். புரியாத 34-ஐ இந்த வாரம் தொடவே வேண்டாம்.

இப்போது தம்பி கேட்டது. கால்குலஸில் "மறந்தது" என்று போட்ட 9-ஐ எந்த வரியில் இழந்தாள் என்று பாருங்கள். உதாரணத்துக்கு f(x) = x³ − 6x² + 9x வரையச் சொன்னால் f′(x) = 3x² − 12x + 9 என்று எழுதுவது கால்குலஸ். அதைப் பூஜ்யத்துக்குச் சமமாக்கி 3(x − 1)(x − 3) என்று பிரிப்பது அல்ஜீப்ரா. x அச்சை வெட்டும் இடத்துக்கு x(x − 3)² என்று பிரிப்பதும் அல்ஜீப்ராதான். கேள்வித்தாளில் எந்தத் தலைப்பின் கீழ் இருக்கிறது என்று பார்க்காமல், பேனா எங்கே வழுக்கியது என்று பார்த்து மாற்றி எழுதுங்கள். பங்ஷன்ஸுக்கும் அதே மாதிரி.

சாட்ஸ்வர்த்_அம்மா (ஞாயிறு, காலை 8.40)

சார், பார்த்துவிட்டோம். கால்குலஸின் 9-இல் 4 காரணிப்படுத்தலில் போனது. டிஃபரன்ஷியேஷன் சரியாகவே இருக்கிறது, அதுக்கு டிக் விழுந்திருக்கிறது. பங்ஷன்ஸிலும் 3 அப்படித்தான், வெட்டும் புள்ளியைக் கண்டுபிடிக்கும்போது குறி மாறிப் போயிருக்கிறது.

அப்படியானால் அல்ஜீப்ரா 8-ம் 7-ம் சேர்ந்து 15. கால்குலஸ் 8. பங்ஷன்ஸ் 9. சீக்வன்ஸ் 9. ஃபைனான்ஸ் 7. புராபபிலிட்டி 4. பின்னால் இருந்தது முதலிடத்துக்கு வந்துவிட்டதே!

வெருலம்_வாத்தியார் (ஞாயிறு, காலை 9.15)

வருஷா வருஷம் இதைத்தான் பார்க்கிறேன். 60 சதவீதம் வாங்கிய பகுதி என்று அல்ஜீப்ராவை ஒதுக்கிவிட்டு, கால்குலஸில் நாள் முழுக்க உட்கார்ந்து, அங்கே அதே குறிப் பிழையை மறுபடி செய்வார்கள். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். மெமோவில் சி.ஏ. என்று போட்டிருப்பது, முன்னால் செய்த பிழையை வைத்து அடுத்த வரிகளைச் சரியாகத் தொடர்ந்தால் கொடுக்கும் மதிப்பெண். ஆனால் அந்தப் பிழையால் கணக்கே எளிதாகிவிட்டால், இருபடிச் சமன்பாடு ஒருபடியாகச் சுருங்கிவிட்டால், அது கிடைக்காது. காரணிப்படுத்தலில் வழுக்குவது இப்படித்தான் மூன்று நான்கு மதிப்பெண்ணை இழுத்துக்கொண்டு போகும்.

என் பங்கீடு இது. அல்ஜீப்ரா 3 மணி, ஆனால் ஒரே மூச்சில் இல்லை, தினம் அரை மணி, படிப்பு தொடங்கும்போதே. கால்குலஸ் இரண்டரை. சீக்வன்ஸ், ஃபைனான்ஸ், பங்ஷன்ஸ் இரண்டிரண்டு. புராபபிலிட்டி அரை. மிச்சம் 2 மணி மறுசோதனைக்கு. நேற்றைய மூன்று மணி போய்விட்டது என்றால் விகிதத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், வரிசையை மாற்றாதீர்கள்.

அல்ஜீப்ராவில் எதைப் பார்ப்பது? முதல் கேள்வியில் வழக்கமாக வருபவை நான்கு. இருபடிச் சமன்பாடு, இருபடிச் சமனிலி, வர்க்கமூலம் வரும் சமன்பாடு, இரண்டு சமன்பாட்டைச் சேர்த்துத் தீர்ப்பது. இரண்டு தசம இடத்துக்குத் திருத்தமாகக் கேட்டிருந்தால் காரணி தேடவே கூடாது, நேராகச் சூத்திரம், அது தகவல் தாளில் இருக்கிறது. சமனிலியில் விடை இரண்டு எண்ணுக்கு நடுவிலா, வெளியிலா என்று ஒரு சின்னப் படம் போட்டுப் பார்க்கணும். வர்க்கமூலக் கணக்கில் வந்த விடையைப் பழைய சமன்பாட்டில் போட்டு, பொருந்தாததை அடித்துவிடணும். அவள் இழந்த 6 இந்த மூன்றில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

சாட்ஸ்வர்த்_அம்மா (ஞாயிறு, காலை 9.31)

அடிக்காமல் விட்டது இரண்டு இடத்தில் இருக்கிறது சார். பார்க்காமலே எப்படிச் சொன்னீர்கள்!

சனிக்கிழமை போகவில்லை. மதியம் பழைய சீக்வன்ஸ் கணக்குப் போட்டாள், அது ஒரு மணி ஆகும். மீதி இரண்டு மணியை இன்றைக்குச் சேர்த்துக்கொள்கிறோம்.

பீனிக்ஸ்_மாணவன் (ஞாயிறு, மதியம் 2.20)

அக்கா, நான் இரண்டு வருஷத்துக்கு முன்னால் மெட்ரிக் முடித்தேன். எனக்கு இந்தக் குவியல் எல்லாம் தெரியாது. கடைசி வாரம் தினமும் ஒரு முழுப் பழைய தாள், மூன்று மணி நேரம் கடிகாரம் வைத்து எழுதினேன். நல்லாவே வந்தது. 150 மதிப்பெண்ணுக்கு 180 நிமிஷம், மதிப்பெண்ணுக்கு ஒரு நிமிஷம் பன்னிரண்டு செகண்ட்தான். அந்த வேகம் தனித்தனிக் கணக்குப் போட்டால் வராது. அவளுக்கு ஒரு முழுத் தாளாவது கொடுங்க.

வெருலம்_வாத்தியார் (ஞாயிறு, மாலை 4.50)

தம்பி, நீங்கள் எந்த அளவில் இருந்து ஆரம்பித்தீர்கள்?

பீனிக்ஸ்_மாணவன் (ஞாயிறு, மாலை 5.02)

ட்ரையல்ஸில் 71 சதவீதம்.

வெருலம்_வாத்தியார் (ஞாயிறு, மாலை 5.30)

அங்கேதான் வித்தியாசம். 71-இல் இருப்பவருக்கு முழுத் தாள் வேகத்தைக் கூட்டும். 43-இல் இருப்பவர் முழுத் தாள் எழுதினால், புரியாத 34 மதிப்பெண் கேள்விகளுக்கு முன்னால் முக்கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார். மூன்று மணி என்பது அவளுடைய 14-இல் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். ட்ரையல்ஸில் அவளுக்கு நேரம் போதாமல் போனதா? அது தெரிந்தால்தான் சொல்ல முடியும்.

சாட்ஸ்வர்த்_அம்மா (ஞாயிறு, இரவு 8.15)

இல்லை, பத்து நிமிஷம் மிச்சம் இருந்ததாம். கடைசிக் கேள்வியை விட்டுவிட்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

பீனிக்ஸ்_மாணவன் (ஞாயிறு, இரவு 8.40)

இருந்தாலும் ஒன்றாவது எழுதணும் என்பேன். தெரிந்த கேள்வியைத் தேடிப் பிடிக்கிற பழக்கமும் முழுத் தாளில்தான் வரும்.

வெருலம்_வாத்தியார் (ஞாயிறு, இரவு 9.00)

அதற்கு எழுத வேண்டியதில்லை. ஒரு தாளை எடுத்து பதினைந்து நிமிஷம் வாசித்து, ஒவ்வொரு கேள்விக்கும் எழுதுவேன், முயல்வேன், விடுவேன் என்று பென்சிலால் குறித்தால் போதும் என்பது என் கருத்து. நீங்கள் ஒத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று தெரிகிறது.

டோங்காட்_அண்ணன் (திங்கள், காலை 6.30)

சார், ஒரு சந்தேகம். ஃபைனான்ஸ் 7 மதிப்பெண்ணுக்கு 2 மணி, கால்குலஸ் 8-க்கு இரண்டரை மணி. ஃபைனான்ஸில் அப்படி என்ன இருக்கு? சூத்திரம்தான் தாளிலேயே கொடுக்கிறாங்களே?

வெருலம்_வாத்தியார் (திங்கள், காலை 7.10)

கொடுக்கிறார்கள், அதனால்தான் பிள்ளைகள் ஏமாந்துபோகிறார்கள். தவணைக்குச் சூத்திரம் இரண்டு. சேமிப்புக்கு F, கடனுக்கு P. F சூத்திரம், கடைசித் தவணை கட்டிய அதே நாளில் கையில் எவ்வளவு என்று சொல்லும். P சூத்திரம், கடன் வாங்கி ஒரு காலம் கழித்து முதல் தவணை என்று வைத்துக்கொண்டு எழுதியது. கேள்வியில் "உடனே கட்டத் தொடங்கினார்" என்றோ "ஆறு மாதம் கழித்து" என்றோ ஒரு சொல் இருக்கும். அங்கேதான் மதிப்பெண் இருக்கிறது. எனவே சூத்திரத்தை மனப்பாடம் செய்யச் சொல்ல மாட்டேன். பத்துக் கேள்வியை எடுத்து, கணக்கே போடாமல், ஒரு காலக்கோடு வரைந்து முதல் தவணை எங்கே, கடைசித் தவணை எங்கே, எத்தனை தவணை என்று மட்டும் குறிக்கச் சொல்வேன். ஒரு மணி நேரத்தில் பத்தும் முடியும். அடுத்த மணியில் மூன்றை மட்டும் முழுசாகப் போடலாம். வருஷத்துக்கு 12 சதவீதம், மாதாமாதம் கூட்டுவட்டி என்றால் i என்பது 0.01. அதை 0.12 என்று போட்டு அடித்துவிட்டு, வந்த பெரிய எண்ணைத் திரும்பிப் பார்க்காமல் எழுதிவிட்டுப் போகிறவர்கள் நிறையப் பேர்.

வெஸ்ட்வில்_தந்தை (திங்கள், மதியம் 1.15)

என் மகன் தமிழை இரண்டாம் கூடுதல் மொழியாக எடுத்திருக்கிறான். அதற்கும் இந்த மூன்று குவியல் ஓடுமா?

வெருலம்_வாத்தியார் (திங்கள், மாலை 6.40)

இலக்கணக் கேள்விகளுக்கு ஓடும். கட்டுரைக்கு எனக்குத் தெரிந்து ஓடாது, அங்கே மதிப்பெண் எந்த வரியில் போனது என்று காட்ட முடியாது. தமிழ் ஆசிரியர் யாராவது சொன்னால் நல்லது.

சாட்ஸ்வர்த்_அம்மா (புதன், காலை 10.05)

நேற்றுச் சாயங்காலம் வரைக்குமான நிலவரம். அல்ஜீப்ரா தினம் அரை மணி ஓடுகிறது. சீக்வன்ஸ் முடிந்தது, இருபடித் தொடரில் 2a, 3a + b, a + b + c இவற்றை ஒழுங்காகச் சமப்படுத்துகிறாள். ஆனால் பங்ஷன்ஸில் லாகரிதம், இன்வர்ஸ் என்று ஒன்றேகால் மணி உட்கார்ந்தும் நகரவில்லை. அழுகை வேறு. தொடர்வதா, விடுவதா?

வெருலம்_வாத்தியார் (புதன், காலை 10.50)

எப்படிச் சோதித்தீர்கள்? மெமோவைப் பார்த்தபடியா?

சாட்ஸ்வர்த்_அம்மா (புதன், காலை 11.02)

வேறு வருஷத் தாள்களிலிருந்து அதே மாதிரிக் கேள்வி மூன்று, மெமோ இல்லாமல். ஒன்றுகூடச் சரியாக வரவில்லை.

வெருலம்_வாத்தியார் (புதன், காலை 11.10)

அப்படியானால் விடுங்கள். மூன்றில் இரண்டு வந்தால் அந்தப் பகுதியை மூடிவிட்டு அடுத்ததுக்குப் போகலாம். ஒன்று வந்தால் இன்னும் அரை மணி. ஒன்றரை மணியை நெருங்கியும் ஒன்றும் வரவில்லை என்றால், நாம் மறந்தது என்று போட்டது உண்மையில் புரியாத குவியலைச் சேர்ந்தது. மிச்ச நேரத்தை ஹைப்பர்போலாவுக்குக் கொடுங்கள். அசிம்டோட்டை எழுதுவது, வெட்டும் புள்ளி, வரைபடத்தைப் பார்த்து ரேஞ்ச் சொல்வது, இவை சீக்கிரம் வரும். கால்குலஸில் முதல் கொள்கையிலிருந்து வகையிடுவதை இன்றைக்கு மூன்று தடவை எழுதட்டும், ஒவ்வொரு வரியிலும் lim விடாமல். குறியீட்டுக்கு ஒரு மதிப்பெண் வெட்டுவார்கள்.

பீனிக்ஸ்_மாணவன் (புதன், மதியம் 3.30)

லாகரிதத்தை விடச் சொல்றீங்க சார், ஆனா இன்வர்ஸ் பெரும்பாலும் வருமே? பாதிக் கேள்விக்காவது, x-ஐயும் y-ஐயும் மாத்தி எழுதினாலே ஒரு மதிப்பெண் கிடைக்கும்.

வெருலம்_வாத்தியார் (புதன், மாலை 5.15)

அது நல்ல யோசனை. அந்த ஒரு வரியை மட்டும் எழுதச் சொல்லுங்கள். அதற்கு மேல் போக வேண்டாம்.

சாட்ஸ்வர்த்_அம்மா (வெள்ளி, மாலை 6.20)

எழுதிவிட்டு வந்தாள். முதல் கேள்வி முழுசும் போட்டிருக்கிறாள், விடைகளைத் திரும்பப் போட்டுப் பார்த்து ஒன்றை அடித்தாளாம். தவணைக் கணக்கில் காலக்கோடு வரைந்தாளாம், ஆனால் தவணை எண்ணிக்கையில் ஒன்று கூடிவிட்டதோ என்று பயப்படுகிறாள். இன்வர்ஸில் மாற்றி எழுதிவிட்டு நிறுத்திக்கொண்டாள். எண்ணிக்கைக் கணக்கைத் தொடவில்லை. எவ்வளவு வரும் என்று கேட்டால் சொல்ல மறுக்கிறாள்.

திங்கள் காலை இரண்டாம் தாள். இப்போதிலிருந்து 9 மணி நேரம் தேறும். ட்ரையல்ஸ் விடைத்தாளை எடுத்து வைத்திருக்கிறோம், இந்தத் தடவை குவியலை நாங்களே பிரித்து ராத்திரி போடுகிறோம் சார், பார்த்துச் சொல்லுங்கள். இரண்டாம் தாளில் தேற்ற நிரூபணத்தை எந்தக் குவியலில் போடுவது?

வெருலம்_வாத்தியார் (வெள்ளி, மாலை 6.55)

மறந்தது. முதல் வேலையாக அதையே எடுங்கள். இரண்டாம் தாளில் தேற்றம், திரிகோணமிதி நிரூபணம் இரண்டும் சேர்த்து அதிகபட்சம் 12 மதிப்பெண் வரை கேட்கலாம், எழுதிப் பழகினால் அப்படியே வரும். மிச்சத்தைக் குவியல் வந்ததும் பார்ப்போம்.